அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் கடிதத்தை எப்படி எழுதுவது?

தார்க்குச்சி, 2024 ஆகஸ்ட் 25

ஆவணி 20 எனக்குக் கல்யாணம். முந்தின நாள் மத்தியானமே மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவோம். ஆக, பிறந்த வீட்டில் நான் தூங்கும் கடைசி ராத்திரி செப்டம்பர் 3. அன்றைக்கு அப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

எங்கள் வீடு சென்னிமலைப் பக்கம். கைத்தறிப் போர்வை. அப்பா தறியில், அம்மா ராட்டையில். நான் வேலை முடிந்து வந்து ராத்திரியில் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பேன். தம்பி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான். அப்பா தினமும் பேப்பர் படிப்பவர். அம்மா இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்; பஸ் போர்டு படிப்பார், மற்றதெல்லாம் எழுத்துக்கூட்டித்தான்.

மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். நன்றி இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. அப்பா என் கல்யாணத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் இருக்கிறது, அவருடைய இன்சுலின் இருக்கிறது. "எனக்கு வீட்டில் எந்தப் பங்கும் வேண்டாம், எல்லாம் தம்பிக்கே" என்று ஒரு வரியும் இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. எதை வைப்பது, எதை எடுப்பது?

சின்னமனூர் மாமா, ஆகஸ்ட் 25

மூணாம் நாள் மறுவீட்டுக்கு வந்து நிற்கப் போகிற பெண் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், ஒரம்பரை என்று இருக்கும். கடைசி ராத்திரி தூங்கவே இடம் கிடைக்காது. அம்மா பக்கத்தில் படுத்துப் பேசு, போதும். ஆனால் அந்தப் பங்கு வரியை மட்டும் விட்டுவிடாதே. அதுதான் உன் கடிதத்திலேயே பெரிய மனசு உள்ள வரி. சட்டப்படியும் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கு கிடையாது, 1989 சட்டம்.

ஓய்வுபெற்ற தபால்காரர், ஆகஸ்ட் 26

பங்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் வேறொன்று கேட்கிறேன், கண்ணு. அந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு யார் வாசித்துக் காட்டப் போகிறார்கள்?

கிராமத்துத் தபால்காரனாக இருந்து நான் கொடுத்த கடிதங்களை விட வாசித்த கடிதங்கள் அதிகம். கட்டிக்கொடுத்த பெண்ணிடமிருந்து நீலநிற இன்லேண்டு வரும். அம்மா திண்ணைக்கு வருவார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரி, சின்னம்மா, பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். "நலம், நலமறிய ஆவல். இங்கு மாமா அத்தை எல்லோரும் சௌக்கியம். மழை பெய்தது." பாதிக் கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். அந்தப் பெண்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. திண்ணையே கேட்கப் போகிறது என்று தெரிந்து எழுதினார்கள்.

நீ எழுதிய மூன்று பக்கத்தை உன் அப்பா வாசித்தால் கடன் வரி வரும்போது தொண்டை அடைக்கும், தாண்டிப் போய்விடுவார். ஒரம்பரை வாசித்தால் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். அம்மாவே வாசிக்கும்படி எழுது. அப்பாவுக்குத் தனியாக எழுது.

தார்க்குச்சி, ஆகஸ்ட் 26

ஐயா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கவரின் மேல் "அப்பா அம்மாவுக்கு" என்று ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். என் சித்திதான் எந்தக் காகிதம் வந்தாலும் அம்மாவுக்கு வாசிப்பவர். நல்லவர்தான், ஆனால் அவர் கேட்டது சாயங்காலத்துக்குள் கூலி நூல் வாங்கும் இடம் வரைக்கும் போய்விடும்.

இரவுப்பணி நர்ஸ், ஆகஸ்ட் 26

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாமே. வாசிக்கவே வேண்டாம்.

தார்க்குச்சி, ஆகஸ்ட் 26

வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் என்னுடையது, அது என்னோடு வந்துவிடும். அப்பாவிடம் பட்டன் போன். அதோடு, பேசினால் நான் அழுதுவிடுவேன்; என் அழுகைதான் அம்மா காதில் நிற்கும், சொன்னது நிற்காது.

கோர்ட்டுத் தெரு, ஆகஸ்ட் 27

சின்னமனூர் அண்ணன் சொன்னது பாதி சரி. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பங்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் இல்லை என்று வைத்தார்கள். ஊரில் அதுதான் "கட்டிக்கொடுத்தால் பங்கு இல்லை" என்று சுருங்கி நின்றுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. கல்யாணம் ஆகியிருந்தாலும் மகள் மகள்தான். 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, தேவையில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டவர்களை மட்டும் இப்போது கிளற முடியாது.

இனி உன் வரிக்கு வருகிறேன். கடிதத்தில் "பங்கு வேண்டாம்" என்று எழுதினால் பங்கு போய்விடாது. அசையாச் சொத்தில் உரிமையை விட வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அது அப்பாவின் தனிச் சொத்து என்றால், அவர் இருக்கும் வரை உனக்கு அதில் ஒன்றும் கிடையாது. கையில் இல்லாததை எப்படி விட்டுக் கொடுப்பாய்? ஆக, அந்த வரிக்குச் சட்டத்தில் வேலை இல்லை.

ஆனால் குடும்பத்தில் வேலை இருக்கிறது. என்னிடம் வருகிற பாகப்பிரிவினைச் சண்டைகளில் பழைய கடிதங்களை எடுத்து நீட்டுவார்கள். "நீயே உன் கையால் எழுதினாயே." இருபது வருடம் கழித்து உனக்கு ஒரு கஷ்டம் வரும்போது, கல்யாண வீட்டில் அழுதுகொண்டே எழுதிய ஒரு வரி உன் வாயை அடைக்கும். தம்பிக்குக் கொடுக்க நினைத்தால் பின்னாளில் தெளிவாக உட்கார்ந்து, மதிப்பு தெரிந்து கொடு. கல்யாணச் செலவு உன் கண்ணை மறைக்கும் இந்த வாரத்தில் வேண்டாம்.

சின்னமனூர் மாமா, ஆகஸ்ட் 27

2005 விஷயம் எனக்குத் தெரியாது, சரி. ஆனால் பெண் அப்படி எழுதினால் அப்பாவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லையே? அவர் பையனுக்கு என்ன வைத்துவிட்டுப் போவது என்றுதான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார்.

தார்க்குச்சி, ஆகஸ்ட் 27

அண்ணா சொல்வதும் உண்மை. அந்த வரியை நான் எழுதியது அந்த நிம்மதிக்காகத்தான். இன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் படிப்பை நினைத்து எழுதினேனா, கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொள்கிறோமே என்ற கூச்சத்தில் எழுதினேனா? கூச்சத்தில்தான். அப்படியானால் அது அப்பாவுக்குப் புரிந்துவிடும். நிம்மதி வராது, "பிள்ளை கூனிக்குறுகி எழுதியிருக்கிறதே" என்றுதான் இருக்கும். எடுத்துவிடுகிறேன்.

கோர்ட்டுத் தெரு அக்கா, எங்கள் வீடு தாத்தா கட்டியது. அது பூர்வீகமா, அப்பாவுடையதா?

கோர்ட்டுத் தெரு, ஆகஸ்ட் 28

பத்திரத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தாத்தாவுக்கு அது எப்படி வந்தது, அவர் எந்த வருடம் போனார், உயில் எழுதினாரா என்பதைப் பொறுத்தது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டி, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் போயிருந்தால், பெரும்பாலும் அப்பா பங்குக்கு வந்தது அப்பாவின் சொத்து. கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம். உன் கடிதத்துக்கு இது தேவையில்லை.

பெயர் வேண்டாம், ஆகஸ்ட் 28

கடன் பற்றி நான் சொல்ல வேண்டும். நானும் கிளம்பும் முன் அப்பாவுக்கு எழுதி வைத்தேன். மாதம் ஐயாயிரம் அனுப்புகிறேன், கடன் அடைகிற வரை அனுப்புவேன் என்று. ஒன்றரை வருடம் அனுப்பினேன். பிறகு குழந்தை, வேலை போனது. அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவரிடம் பேச முகம் இல்லாமல் போனது. வாரம் ஒரு முறை பேசுகிறவள் மாதம் ஒரு முறை என்றானேன். பணம் போனதை விட அதுதான் அவரை வருத்தியது என்று அம்மா பின்னால் சொன்னார். தொகை போட்டு சத்தியம் செய்யாதே, தங்கச்சி. கையில் இருப்பதைக் கொடு, வரப்போவதை எழுதாதே.

தார்க்குச்சி, ஆகஸ்ட் 29

என் வரைவில் அப்படியே இருக்கிறது, தொகை மட்டும் நாலாயிரம்.

கணக்கைச் சொல்கிறேன். மூன்று லட்சம், வட்டி ரெண்டு ரூபாய். மாதம் ஆறாயிரம் வட்டிக்கே போகிறது. அப்பா வாரம் முழுக்க மிதித்தாலும் அந்த ஆறாயிரம் முதலில் எடுத்து வைக்கப்பட்டுவிடும், அசல் அசையாது. எனக்கு ஒரு சீட்டு இருக்கிறது, இந்த வாரம் கைக்கு வருகிறது, ஐம்பதாயிரம். அதை அசலில் கட்டினால் வட்டி ஐயாயிரமாகக் குறையும். நான் மாதம் ஆயிரம் அனுப்புவதும் இதுவும் ஒன்றுதான், ஆனால் இதற்கு யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இதைத்தான் எழுதப் போகிறேன்.

கோர்ட்டுத் தெரு, ஆகஸ்ட் 29

நல்ல யோசனை. கட்டும்போது அசலில் வரவு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல். இல்லையென்றால் முன்வட்டி என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உனக்குப் போடும் நகையில் எட்டுப் பவுன் போல வங்கியில் வைத்தால் இன்றைய விலைக்கு மூன்று லட்சம் வாங்கலாம். வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம்தான். மாதக் கணக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு. பத்திரம் வீட்டுக்குத் திரும்பிவிடும். நகை உன் சீதனம், அதை வைக்கவும் மீட்கவும் நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர், ஆகஸ்ட் 29

கணக்கு சரிதானம்மா. ஆனால் மறுவீட்டுக்கு வெறுங்கழுத்தோடு வந்தால் அந்தத் தாய் ஊருக்குள் எப்படி நடப்பாள்?

கோர்ட்டுத் தெரு, ஆகஸ்ட் 29

ஊர் ஆறாயிரம் வட்டி கட்டுமா, ஐயா?

தார்க்குச்சி, ஆகஸ்ட் 30

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். இதை அவரிடம் சொன்னேன், கட்டிக்கப் போகிறவரிடம். "தை வரைக்கும் பொறுத்து நாமே செய்யலாம்" என்றார். சொன்னார், அவ்வளவுதான். அவர் வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆகவே கடிதத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் வராது.

மட்டக்களப்பு மகள், ஆகஸ்ட் 30

இதை வாசிக்க எனக்கு எல்லாம் தலைகீழாக இருக்குது. எங்கட பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போறதில்லை. மாப்பிள்ளைதான் வாறது. பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே வீடு கட்டத் தொடங்குவினம், அந்த வீடுதான் சீதனம். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்திட்டு, அம்மா அப்பா இளையதுகளோட வேற வீட்டுக்குப் போறதும் உண்டு. என்ர கலியாணத்துக்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. அதே வளவுக்குள்ள பின்பக்கத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனவை. நான் பிறந்த வீட்டில் நான் இருந்தன், அவை இல்லை.

போற நேரம் அம்மா எனக்கு ஒரு பட்டியல் எழுதித் தந்தவ. கிணத்தில் எந்த மாதம் தண்ணி இறங்கும், எந்த ஓட்டால மழை ஒழுகும், ஆருக்கு எவ்வளவு குடுக்க வேணும். அன்பெண்டு ஒரு சொல்லும் அதில் இல்லை. நான் அதை இண்டைக்கும் வச்சிருக்கிறன். தங்கச்சி, நீங்கள் அந்த இன்சுலின் பகுதியை எடுக்க வேணாம்.

தார்க்குச்சி, ஆகஸ்ட் 31

அக்கா, உங்கள் அம்மாவின் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். இன்சுலினைக் கடிதத்தில் வைப்பதா, தனியாகவா என்று ஒரே குழப்பமாக இருந்தது. கடிதம் என்றால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும்போது அம்மா பெட்டியைத் திறந்து எழுத்துக்கூட்ட முடியாது. சுவரில் ஒட்ட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொல்லுங்கள். இதுவரை அதைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

இரவுப்பணி நர்ஸ், ஆகஸ்ட் 31

அம்மாவுக்கு எண் வாசிக்க வருமா?

தார்க்குச்சி, ஆகஸ்ட் 31

எண்ணில் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது. நூல் எடையும் கூலியும் அவர் கணக்குத்தான்.

இரவுப்பணி நர்ஸ், செப்டம்பர் 1

அப்படியானால் சுலபம். சுகர் இறங்குவதற்கு மட்டும் எழுது, மற்றதை டாக்டர் சீட்டு பார்த்துக்கொள்ளும். கை நடுக்கம், திடீர் வேர்வை, சம்பந்தமில்லாமல் பேசுவது, காரணமில்லாத கோபம். இதில் ஒன்று வந்தாலும் மெஷினில் பார்க்கச் சொல். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பாடு. மெஷின் கைக்குக் கிடைக்கவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108.

தறிக்காரர்களிடம் நான் பார்த்தது ஒன்று. ஊசி போட்டுவிட்டு "இந்த முழம் முடியட்டும்" என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடுவார்கள். சுகர் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஊசி எங்கே இருக்கிறது?

தார்க்குச்சி, செப்டம்பர் 1

தறிக்குப் பக்கத்து மாடத்தில்.

இரவுப்பணி நர்ஸ், செப்டம்பர் 1

சமையலறைக்கு மாற்று. சோறு தட்டில் விழுந்த பிறகு ஊசி கையில் வரட்டும். பிரிக்காத மருந்து ஃபிரிட்ஜில், உறையும் தட்டில் மட்டும் வைக்கக் கூடாது.

தமிழாசிரியை, செப்டம்பர் 1

தபால்கார ஐயா சொன்ன திண்ணை விஷயம் ரொம்பப் பழையது. ஐங்குறுநூற்றில் 384ஆம் பாட்டு. காதலனோடு கிளம்பிவிட்ட பெண் பாலை வழியில் எதிரே வரும் அந்தணர்களிடம் சேதி சொல்லி அனுப்புகிறாள். அம்மா ஆசையாக வளர்த்த என் அழகு இன்னும் கூடத்தான் நான் இந்தக் கடும் வழியைக் கடந்தேன் என்று சொல்லுங்கள் என்கிறாள். யாரிடம் சொல்லச் சொல்கிறாள்? அம்மாவிடம் இல்லை, தோழிகளிடம். அம்மா காதுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற தபால்காரர், செப்டம்பர் 2

அழகாகச் சொன்னீர்கள், டீச்சர். அதைப் படித்ததும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். அவள் கடிதத்தில் எப்போதும் ஆடு வரும். "செவலை ஆடு நன்றாக மேய்கிறதா?" நான் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். ஒரு தடவை "செவலை ஆட்டைப் பற்றிக் கனவு கண்டேன்" என்று எழுதியிருந்தாள். வாசித்து முடிக்கும் முன் அவள் அம்மா எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்த வீட்டில் ஆடே கிடையாது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கண்ணு, இப்போது போன் இருக்கிறது. ஆனால் போனில் பேசும்போதும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். அம்மாவும் நீயும் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுத் தெரு, செப்டம்பர் 2

ஐயா சொன்னதோடு 181-ஐயும் மனப்பாடம் செய்துகொள். பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். உனக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

சின்னமனூர் மாமா, செப்டம்பர் 2

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் இதையெல்லாமா பேசுவது?

தார்க்குச்சி, செப்டம்பர் 2

பேசிவிட்டோம், அண்ணா. இன்று நூல் சுற்றும்போது அம்மாவிடம் சொன்னேன். பயப்படவில்லை. "அப்ப எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார். அப்பாவுக்கு முடியாமல் போனால், அவர் பக்கத்திலேயே இருந்தாலும் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை. எனக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு பேருக்கும் வைத்துக்கொண்டோம். இங்கே எழுத மாட்டேன்.

தார்க்குச்சி, செப்டம்பர் 3, ராத்திரி

கூடத்தில் பதினைந்து பேர் படுத்திருக்கிறார்கள். தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்து எழுதினேன், இங்கே மட்டும்தான் யாரும் படுக்கவில்லை. மூன்றாகப் பிரித்துவிட்டேன். சுகர் தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது, எண்ணெல்லாம் பெரிதாக. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஓரம் பிய்ந்திருந்ததை மட்டும் திரும்ப ஒட்டினார்.

அம்மாவுக்கு எழுதியது. ஒரு வரிக்கு ஒரு சங்கதி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பஸ் போர்டு மாதிரி பெரிய எழுத்தில்:

"அம்மா,
இதை நீயே படி. மெதுவாகப் படி.
சித்தியைக் கூப்பிடாதே.
நான் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன்.
நீ அடிக்கவில்லை. ராட்டையில் உட்கார வைத்தாய்.
சாயங்காலம் கை வலித்தது.
தினமும் உனக்கு இப்படித்தான் வலிக்குமா என்று கேட்டேன்.
ஆமாம் என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் நான் பையை எடுத்தேன்.
அன்றிலிருந்து நான் படித்தது எல்லாம் உன் கையால்.
உன் வலது தோள் வலியை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதே.
தார் சுற்றப் பக்கத்துத் தெரு அக்கா வருவார். கூலி பேசிவிட்டேன்.
எனக்குப் பெட்டியில் புதுப் போர்வை வைத்தாய். நான் பழையதையும் எடுத்துக்கொண்டேன்.
வாரம் ஒரு நாள் நான் பேசுவேன். நீயும் என்னைக் கூப்பிடு.
உன் மகள்."

அப்பாவுக்கு எழுதியதில் கொஞ்சம் மட்டும் போடுகிறேன்:

"அப்பா, வட்டி ரெண்டு ரூபாய் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சீட்டுப் பணம் ஐம்பதாயிரம் இந்தக் கவரோடு இருக்கிறது. அசலில் கட்டிவிட்டு, வரவு எழுதி வாங்குங்கள். இது என் கல்யாணத்துக்கான கடன், அதனால் என்னுடையதும்தான். இதைத் திருப்பிக் கொடுக்க வராதீர்கள். மீதியைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. முடிந்தபோது பேசலாம். வட்டி கட்ட முடியாத மாதம் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். பணத்துக்காகக் கேட்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டும், அதற்காக. நேற்று ராத்திரி தறிச் சத்தம் கேட்டது. கல்யாண வீட்டில் தறி ஓடுகிறதே என்று பெரியப்பா திட்டினார். எனக்குத் தெரியும், ஆர்டர் முடிக்கத்தான். அந்தச் சத்தத்தில்தான் நான் நன்றாகத் தூங்கினேன்."

மன்னிப்பு என்று வந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். அப்பா அம்மாவிடம் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், கல்யாணம் ஆகிப் போவதற்குத்தான் கேட்டிருக்கிறேன். அது தப்பு இல்லை. நன்றி என்ற சொல்லும் போய்விட்டது. அதற்குப் பதிலாக ராட்டை வந்துவிட்டது.

மட்டக்களப்பு மகள், செப்டம்பர் 4

போய்ட்டு வாங்கோ, தங்கச்சி. நல்லா இருப்பீங்கள்.

பெயர் வேண்டாம், செப்டம்பர் 4

"மீதியைப் பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை" என்பதைப் படித்துவிட்டு இன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். வட்டி, அசல் எதுவும் பேசவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறதாம்.

தார்க்குச்சி, செப்டம்பர் 15

மறுவீடு முடிந்து திரும்பிவிட்டேன். கேட்டவர்களுக்காக.

அம்மா நாலு நாளில் வாசித்திருக்கிறார். "அன்றிலிருந்து" என்ற இடத்தில் நின்றுவிட்டு, தம்பியிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விரலால் மறைத்துக் காட்டிக் கேட்டாராம். மீதித் தாளை அவனிடம் கொடுக்கவில்லை. எனக்குப் பதில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், பார்ப்போம்.

அப்பா ஐம்பதாயிரத்தைக் கட்டிவிட்டார். வரவு எழுதி வாங்கினீர்களா என்று கேட்டேன், "தெரிஞ்ச ஆளு" என்றார். கோர்ட்டுத் தெரு அக்கா, தேதி தாண்டிவிட்டது, இப்போது போய்க் கேட்டால் எழுதித் தருவார்களா? அடுத்த வட்டி 20ஆம் தேதி. அன்றைக்கு ஐயாயிரம் கேட்கிறார்களா ஆறாயிரம் கேட்கிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்டுத் தெரு, செப்டம்பர் 15

20 வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே தம்பியைக் கூட அனுப்பு. சண்டையாகக் கேட்க வேண்டாம், "அக்கா கணக்கு நோட்டில் எழுதணும்னு கேட்டா" என்று சொல்லட்டும். மீதி அசல் இரண்டரை லட்சம் என்று ஒரு வரியும் தேதியும் கையெழுத்தும் போதும். பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கச் சொல்.